ஊர்வலத்திற்கு முன் ஓர் அறிவிப்பு

மும்பை மாநகரில் தமிழர் கூடி வாழும் பகுதிகளுள் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் தைப்பொங்கல் நாளன்று பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவர். செம்பூர் சேடா நகரில் உயரத்தில் அமைந்த முருகன் கோயிலுக்கு அடியார்கள் 108 படிகள் ஏறிச் செல்வர். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் பிள்ளையார் சதுர்த்தி நாள்களில் திரளும் கூட்டத்தை நகரமே அறியும். இவையன்றி, ஆண்டுக்கொருமுறை ஏதேனும் ஒரு தெருவில் நடைபெறும் சிறிய ஊர்வலங்களும் உண்டு. அவற்றைப் பற்றிய செய்தி நாளிதழில் வருவதில்லை. அத்தெருவில் வாழ்வோர் அதனை அறிவது பெரும்பாலும் ஒரே ஒரு தாளின் வழியாகத்தான். குடியிருப்போர் சங்கம் வாயிற்சுவரில் ஒட்டும் அறிவிப்பே அத்தாள்.

அவ்வறிவிப்பு வழக்கமாகப் பின்வருமாறு அமைந்திருக்கும்.

"நமது தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவை முன்னிட்டு வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மாலை பால்குட ஊர்வலம் நடைபெற உள்ளது. அவ்வமயம் சாலை மூடப்படும். பொதுமக்கள் அனைவரும் திரளாக வந்து கலந்துகொண்டு ஒத்துழைப்பு நல்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. பணிவும் உள்ளது. ஆயினும் இதனைப் படித்து முடித்த ஒருவர் தாம் செய்யவேண்டியது யாது என்பதை அறிய இயலாது. மாலை என்பது எந்நேரம்? எந்தச் சாலை மூடப்படும்? எவ்வளவு நேரம்? மூடுபவர் யார்? ஒத்துழைப்பு என்பது எதனைக் குறிக்கிறது?

விழாவில் கலந்துகொள்பவருக்கு இவ்வினாக்கள் எழுவதில்லை. அவர் காலையிலிருந்தே கோயிலில் இருப்பார். ஊர்வலத்தோடு நடந்து செல்வார். அறிவிப்பு உண்மையில் அவருக்கு உரியதன்று. இரவுப் பணிக்குச் செல்ல ஆறு மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்படுபவர், மறுநாள் தேர்வுக்குப் படிக்கும் மாணவர், படுக்கையில் இருக்கும் முதியவரைப் பேணுபவர், தெருமுனையில் தள்ளுவண்டி நிறுத்தும் வணிகர், விழாவின் பெயரையே கேட்டறியாத வேறு மொழியினர் ஆகியோரே அதன் வாசகர்கள். "திரளாக வந்து" என்னும் தொடர் அழைப்பிதழுக்குப் பொருந்துவது. அழைப்பிதழ் வருகின்றவருக்கு எழுதப்படுவது; அறிவிப்போ வாராதவருக்கும் சேர்த்து எழுதப்படுவது. இரண்டையும் ஒரே தாளில் கலந்துவிடுவதே இத்தகைய அறிவிப்புகளில் மிகுதியாகக் காணப்படும் குறை.

அண்டை வீட்டார் முதலில் தேடுவது நேரத்தை. சங்கத்தார் தருவதோ புறப்படும் நேரம் மட்டுமே. புறப்படும் நேரம் கோயில் வாயிலில் நிற்பவருக்குப் பயன்படும். அரைக் கிலோமீட்டர் தொலைவில் குடியிருப்பவருக்குத் தம் வாயிலை ஊர்வலம் எப்போது அடையும், எப்போது கடந்து செல்லும் என்பதே தெரியவேண்டும். இதனைக் கணக்கிடுவது கடினமன்று.

எடுத்துக்காட்டாக, தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய தெரு ஒன்றிலிருந்து ஓர் ஊர்வலம் புறப்படுவதாகக் கொள்ளலாம். அது சுற்றிவரும் வழியின் நீளம் 1,200 மீட்டர். முன்னே மேளம் செல்ல, பால்குடம் எடுப்போரும் முளைப்பாரி சுமப்போரும் பின்தொடர, கடைசியில் சப்பரம் வர, ஊர்வலம் தலை முதல் வால் வரை 120 மீட்டர் நீண்டிருக்கிறது. குடம் சுமந்து வெறுங்காலுடன் நடப்போர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 20 மீட்டர் செல்வர் எனலாம். அவ்வாறாயின் 1,200 மீட்டரைக் கடக்க 60 நிமிடம் ஆகும். மாலை 5.30 மணிக்குப் புறப்பட்டால் 6.30 மணிக்குத் திரும்பிவிடலாம்.

ஆனால் எந்த ஊர்வலமும் இவ்வாறு முடிவதில்லை. காரணம் நடையன்று; நிற்பது. வழியில் ஒவ்வொரு வீட்டாரும் குடம் எடுத்தவரின் காலில் மஞ்சள்நீர் ஊற்றி, ஆரத்தி எடுத்து, திருநீறு பெற விரும்புவர். ஒரு வாயிலில் நிற்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். இருபத்தைந்து வீட்டார் அவ்வாறு நிறுத்தினால் 125 நிமிடம் ஆகிவிடும். நடைநேரத்தோடு சேர்த்தால் 185 நிமிடம், அதாவது மூன்று மணி ஐந்து நிமிடம். 5.30 மணிக்குப் புறப்பட்ட ஊர்வலம் 8.35 மணிக்குத்தான் கோயிலை அடையும். பூசை நீண்டு, புறப்பாடே ஒரு மணி நேரம் தாமதமானால் 9.35 மணி ஆகும். ஊர்வலத்தின் வால் வந்துசேர மேலும் ஆறு நிமிடம் வேண்டும். அதற்குப் பின்னும் நான்கு வீட்டார் ஆரத்தித் தட்டுடன் காத்திருந்தால் கடிகாரம் பத்தைத் தாண்டிவிடும். இரவு பத்து மணி என்பது சட்டத்தின் எல்லை. அவ்வெல்லையை மீற வேண்டும் என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார். ஒவ்வொரு வாயிலிலும் செலவான ஐந்து நிமிடங்களே அங்குக் கொண்டுசேர்த்துவிட்டன.

ஆகவே தாமதமாகும்போது "விரைந்து நடங்கள்" என்று ஒலிபெருக்கியில் கூவுவதால் பயன் சிறிதே. குடம் சுமப்போரை விரைவாக நடக்கச் சொல்வது ஈரச் சாலையில் ஆபத்தும் ஆகும். ஆடி மாதம் மும்பையில் அடைமழைக் காலம் என்பதை மறத்தல் கூடாது. நடையின் வேகத்தை மாற்றுவதைவிட நிற்கும் இடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி. ஆறு பொது இடங்களை முன்கூட்டியே குறித்து, அருகிலுள்ள வீட்டார் அங்கு வந்து ஆரத்தி எடுக்கலாம் என்று அறிவித்தால், நிற்கும் நேரம் 30 நிமிடமாகச் சுருங்கும். மொத்தம் 90 நிமிடம். 5.30 மணிக்குப் புறப்பட்டது 7.00 மணிக்குக் கோயிலை அடையும், வால் 7.06 மணிக்குள் வந்துசேரும். இம்முடிவை எடுப்பது எளிதன்று. "எங்கள் வாயிலில் அம்மன் நிற்கவில்லை" என்ற மனக்குறை ஆண்டு முழுதும் பேசப்படும். அதனாலேயே இது ஊர்வல நாளன்று தெருவில் எடுக்கவேண்டிய முடிவன்று. அறிவிப்பு எழுதுவதற்கு முன் சங்கக் கூட்டத்தில் எடுக்கவேண்டிய முடிவு.

நிற்கும் இடங்கள் உறுதியானால் எந்த வாயிலுக்கும் நேரம் சொல்லிவிடலாம். கோயிலிலிருந்து 600 மீட்டர் தொலைவில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கு வர 30 நிமிட நடை. அதற்குமுன் மூன்று இடங்களில் நிற்க 15 நிமிடம். எனவே ஊர்வலத்தின் தலை 6.15 மணிக்கு அங்கு வரும். வால் கடக்க ஆறு நிமிடம் ஆகும். இடையில் ஊர்வலம் ஒருமுறை நின்றுவிட்டால் பதினொரு நிமிடம். முன்னும் பின்னும் ஏறத்தாழப் பத்து நிமிடம் சேர்த்து, "6.05 முதல் 6.35 வரை இவ்விடத்தில் வண்டி எடுக்க இயலாது" என்று எழுதினால் போதும். அந்த வீட்டார் இழப்பது அரைமணி நேரமே. "மாலை முழுதும் சாலை மூடப்படும்" என்று படித்தவர் வீணாக ஒரு மாலைப்பொழுதையே இழந்திருப்பார். அல்லது அறிவிப்பையே நம்பாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர்வலத்தின் நடுவே வந்து நிற்பார்.

அடுத்தது ஒலி. இந்தியாவில் ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளின்படி காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல்; இரவு 10 முதல் காலை 6 வரை இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது சுற்றுப்புற ஒலியின் அளவு. வணிகப் பகுதிக்கு இவை முறையே 65, 55. ஒலிபெருக்கி வைப்பதற்கு எழுத்துவழி அனுமதி பெறுதல் வேண்டும். பொது இடத்தில் வைக்கும்போது, அவ்விடத்தின் எல்லையில் ஒலியானது சுற்றுப்புற அளவைவிடப் பத்து டெசிபலுக்கு மேல் உயர்தல் கூடாது. எவ்வாறாயினும் 75 டெசிபலைத் தாண்டுதல் கூடாது. குடியிருப்புத் தெருவில் இது பகலில் 65 டெசிபல் என்றாகிறது.

இவ்வெண்களின் பொருள் யாது? இருவர் அருகமர்ந்து இயல்பாகப் பேசுவது ஏறத்தாழ 60 டெசிபல். டெசிபல் கணக்கு கூட்டல் முறையில் ஏறுவதன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும். செவிக்கோ ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். திறந்தவெளியில், ஒலி பிறக்கும் இடத்திலிருந்து தொலைவு இரட்டிக்குந்தோறும் ஆறு டெசிபல் குறையும். வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபல் ஒலிப்பதாகக் கொண்டால், இரண்டு மீட்டரில் 94, நான்கு மீட்டரில் 88, எட்டு மீட்டரில் 82, பதினாறு மீட்டரில் 76. பதினாறு மீட்டர் விலகிச் சென்ற பின்னும் எந்த எல்லைக்குள்ளும் அது அடங்கவில்லை.

இக்கணக்கு திறந்தவெளிக்கு உரியது. தாராவியின் சந்துகளில் நிலைமை இன்னும் கடுமையானது. அங்குச் சில இடங்களில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டும். வீட்டின் சன்னலுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இராது. இருபுறச் சுவர்களும் தகரக் கூரைகளும் ஒலியை எதிரொலிப்பதால் தொலைவுக்கேற்ப அது அவ்வளவாகத் தணிவதும் இல்லை. ஆகவே ஒலிபெருக்கியின் ஒலியளவைப் பாதியாகக் குறைப்பதைவிட, சந்துக்குள் நுழையுமுன் அதனை நிறுத்திவிட்டுப் பெருஞ்சாலையில் மட்டும் இயக்குவதே பயன்தரும். நாதசுரமும் தவிலும் ஒலிபெருக்கி இன்றியே ஒரு தெருவுக்குப் போதும். கைப்பேசிச் செயலிகள் காட்டும் டெசிபல் அளவு துல்லியமானதன்று; கருவிக்குக் கருவி வேறுபடும். இருப்பினும் ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து, ஒலிபெருக்கி இயங்கும்போதும் நின்றபின்னும் அளந்தால் வேறுபாடு எவ்வளவு என்பது புலனாகும்.

இரவு பத்து மணி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. "திருவிழாவுக்குப் பன்னிரண்டு மணி வரை விலக்கு உண்டு" என்பர். விலக்கு உண்டு என்பது மெய்யே. ஓர் ஆண்டில் மொத்தம் பதினைந்து நாள்களுக்கு மிகாமல், பண்பாட்டு அல்லது சமய விழாக்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு அனுமதி அளிக்கலாம். அந்நாள்கள் எவை என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படும். கணேசோற்சவம் போன்ற பெருவிழாக்களின் நாள்களே அப்பட்டியலைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். ஒரு தெருக் கோயிலின் ஆடி ஞாயிறு தானாகவே அதில் அடங்கிவிடாது. பட்டியலில் இல்லாத நாளில் பத்து மணியே எல்லை. மேலும், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இவ்விதி ஒலிபெருக்கிக்கு மட்டும் உரியதன்று. இரவில் திறந்தவெளியில் இசைக்கருவிகளையும் ஒலியெழுப்பும் பிற கருவிகளையும் இயக்குதல் கூடாது. "ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டோம், மேளம் மட்டுந்தானே" என்று கூறுவதற்கு இடமில்லை.

உச்ச நீதிமன்றம் 2005 சூலை 18 அன்று இவ்விதிகளைப் பற்றி விரிவான தீர்ப்பொன்றை வழங்கியது. அவ்வழக்கிற்குத் தூண்டுகோலாக இருந்தது, உதவி கேட்டு எழுந்த ஒரு சிறுமியின் கூக்குரல் அக்கம்பக்கத்து ஒலிபெருக்கி இரைச்சலில் எவர் செவிக்கும் எட்டாமற்போன துயர நிகழ்வாகும். இரைச்சல் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதை எல்லாரும் அறிவர். அது அழைப்பையும் மறைத்துவிடும் என்பதை அவ்வழக்கு காட்டியது. மும்பையிலேயே, செம்பூரை அடுத்த சுனாபட்டி, குர்லா நேரு நகர் ஆகிய பகுதிகளின் குடியிருப்போர் சங்கங்கள் தொடுத்த வழக்கில் 2025 சனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கி எச்சமயத்திற்கும் இன்றியமையாத கூறன்று என்றும், முறையிடுபவர் யார் என்று ஆராயாமலே காவல்துறை நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் அந்நீதிமன்றம் கூறியது. அண்டை வீட்டார் மீது முறையிடத் தயங்குபவரே மிகுதி. அவர்கள் காவல் நிலையத்திற்குச் செல்லுமுன் சங்கத்தாரிடமே சொல்ல ஒரு வழி இருந்தால் பெரும்பாலான பூசல்கள் தெருவிலேயே தீர்ந்துவிடும். அறிவிப்பில் ஒரு தொலைபேசி எண் இடம்பெறவேண்டிய காரணம் இதுவே. அவ்வெண்ணுக்கு உரியவர் தவிலுக்கு அருகில் நடப்பவராக இருத்தல் கூடாது. அழைப்புமணி அவருக்குக் கேட்காது.

மூன்றாவது சாலை. "சாலை மூடப்படும்" என்னும் செயப்பாட்டு வினைத் தொடரை இங்கு மீண்டும் நோக்குதல் வேண்டும். மூடுபவர் யார் என்பதை அத்தொடர் மறைத்துவிடுகிறது. பொதுச் சாலையை மூடும் உரிமை எந்தக் குடியிருப்போர் சங்கத்திற்கும் இல்லை. ஊர்வலத்தின் நாள், நேரம், வழி, கலந்துகொள்வோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து உள்ளூர்க் காவல் நிலையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். போக்குவரத்தை மாற்றிவிடுபவர் காவலரே. சாலையோரம் பந்தலோ வளைவோ அமைக்க மாநகராட்சியின் வட்ட அலுவலகத்தில் அனுமதி பெறவேண்டும். தாராவிக்கு ஜி வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு என்று வட்டங்கள் வேறுபடும். "காவல் நிலைய அனுமதியின்படி போக்குவரத்து மாற்றிவிடப்படும்" என்று எழுதி அனுமதிக் கடிதத்தின் எண்ணையும் நாளையும் குறித்தால், படிப்பவருக்கு ஐயம் எழாது. அனுமதி கிடைக்குமுன் அறிவிப்பை ஒட்டிவிடுவதும், காவலர் வழியை மாற்றியபின் பழைய அறிவிப்பே சுவரில் தொங்குவதும் பலமுறை நேர்வன.

தொண்ணூறடி என்பது ஏறத்தாழ 27 மீட்டர். அவ்வளவு அகலமான சாலையில் ஓர் ஊர்வலத்தால் என்ன இடையூறு நேர்ந்துவிடும் என்று தோன்றலாம். பெயரில் உள்ள அகலம் வேறு, நடக்கக் கிடைக்கும் அகலம் வேறு. இருபுறமும் நிறுத்திய வண்டிகள், கடைகளின் முன்நீட்சி, தள்ளுவண்டிகள் ஆகியவை எடுத்துக்கொண்டது போக எஞ்சுவது சிறிதளவே. எனவே ஊர்வலம் சாலையின் இடப்பாதியில் மட்டும் செல்லவேண்டும்; வலப்புறம் நான்கு மீட்டர் அகலமேனும் வெற்றிடமாக இருக்கவேண்டும். அந்த எல்லையைக் காக்க நெடுங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொண்டர்கள் உடன் நடப்பர். சயான் மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிச் செல்லும் ஊர்தி அவ்வழியே தடையின்றிப் போகும். குறுகிய தெருவில் இவ்வாறு வழிவிட இயலாது. அங்கு ஊர்வலத்தை இரு பகுதிகளாகப் பிரித்து, இடையே இருபது மீட்டர் இடைவெளி விட்டு நடத்தலாம். குறுக்குச் சந்திலிருந்து நோயாளியைத் தூக்கி வருவோர் அவ்விடைவெளியின் வழியே கடந்துவிடுவர்.

மேலே செல்லும் கம்பிகளையும் பார்த்தல் வேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் திருவிழாவின்போது தேர் மீது உயர்மின்னழுத்தக் கம்பி பட்டதில் 11 பேர் உயிரிழந்தனர். சாலை புதிதாகப் போடப்பட்டு உயர்ந்திருந்ததும் அப்போது பேசப்பட்டது. சென்ற ஆண்டு தட்டாமல் சென்ற சப்பரம் இவ்வாண்டும் தட்டாது என்பதற்கு உறுதி இல்லை. சாலை உயர்ந்திருக்கலாம், சப்பரத்தின் முடி உயர்ந்திருக்கலாம், புதிதாக ஒரு கம்பி குறுக்கே கட்டப்பட்டிருக்கலாம். ஊர்வலத்திற்கு இரண்டு நாள் முன்னதாகச் சப்பரத்தின் உயரத்திற்கு ஒரு மூங்கிலை வெட்டி, மின்கம்பி எதனையும் தொடாதவாறு, பகலில் வழி முழுதும் நடந்து பார்த்தல் நலம். மின்கம்பி அருகே வரும் இடம் இருப்பின் மின் நிறுவனத்தாருக்கு எழுதவேண்டும். அன்றேல் சப்பரத்தைத் தாழ்த்தவேண்டும். தொண்டர் ஒருவர் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் பழக்கம் கைவிடத்தக்கது.

இவற்றையெல்லாம் முடிவு செய்தபின் எழுதும் அறிவிப்பு பெரிதாக இருக்கவேண்டியதில்லை. மேற்கண்ட ஊர்வலத்திற்கு அது பின்வருமாறு அமையலாம். கோடிட்ட இடங்களை அந்தந்தச் சங்கத்தார் நிரப்பிக்கொள்வர்.

"அண்டை வீட்டார் அனைவருக்கும் வணக்கம்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை (நாள் ______) நமது தெருவில் ஆடி ஊர்வலம் நடைபெறும். மாலை 5.30 மணிக்குக் கோயிலிலிருந்து புறப்பட்டு, தொண்ணூறடிச் சாலை வழியாகச் சென்று, 7.15 மணிக்குள் கோயிலுக்குத் திரும்பும். காவல் நிலைய அனுமதி எண் ______, நாள் ______.

ஊர்வலம் கடக்கும்போது வண்டி எடுக்க இயலாத நேரம்: நமது தெருமுனையில் 5.40 முதல் 6.10 வரை. தொண்ணூறடிச் சாலையின் நடுப்பகுதியில் 6.05 முதல் 6.35 வரை. திரும்பும் சந்தின் முனையில் 6.25 முதல் 6.55 வரை. அந்நேரத்தில் வண்டி தேவைப்படுவோர் முன்னதாகவே அதனை ______ இடத்தில் நிறுத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

ஒலிபெருக்கி தொண்ணூறடிச் சாலையில் மட்டும் இயங்கும். சந்துகளுக்குள் நாதசுரமும் தவிலும் மட்டுமே ஒலிக்கும். பட்டாசு வெடிக்கப்படாது. வீட்டில் நோயுற்றோர், கைக்குழந்தை, தேர்வுக்குப் படிப்போர் இருப்பின் முன்னதாகத் தெரிவித்தால், அவ்வீட்டைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்தச் செய்வோம்.

ஆரத்தி எடுக்க ஆறு இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. வேறு இடங்களில் ஊர்வலம் நிற்காது. அன்பர்கள் பொறுத்தருள்க.

மருத்துவ ஊர்திக்குச் சாலையின் வலப்புறம் எப்போதும் திறந்திருக்கும். அவசர உதவிக்கு 108 எண்ணை அழைத்தபின் எங்களையும் அழையுங்கள். தொண்டர்கள் வழி ஏற்படுத்துவர். ஊர்வலத்தின்போது அழைக்கவேண்டிய எண்கள்: ______, ______.

புறப்பாடு கால் மணி நேரத்திற்குமேல் தாமதமானால் ஆரத்தி நிற்கும் இடங்களைக் குறைத்துக்கொள்வோம். முடியும் நேரம் மாறாது. குப்பையும் சிந்திய நீரும் அன்றிரவே அகற்றப்படும்.

இங்ஙனம், செயலாளர், குடியிருப்போர் சங்கம்."

இவ்வறிவிப்பில் "ஒத்துழைப்பு" என்னும் சொல் இடம்பெறவில்லை. அதற்கு மாறாக, அண்டை வீட்டார் செய்யவேண்டிய சில செயல்களும் சங்கத்தார் செய்யவிருக்கும் பல செயல்களும் சொல்லப்பட்டுள்ளன. சங்கத்தின் வாக்குறுதிகள் பெரும்பாலும் எண்ணாகவோ இடமாகவோ உள்ளமையால், அவை நிறைவேறினவா என்பதை எவரும் தெருவில் நின்றே சரிபார்க்கலாம். "புறப்பாடு தாமதமானால்" என்று தொடங்கும் பத்தியே எழுதுவோருக்கு மிகக் கடினமானது. தாமதம் ஆகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள எவரும் விரும்புவதில்லை. எனினும் அப்பத்தி இல்லாவிடில், 6.30 மணிக்குப் புறப்படும் ஊர்வலத்தில் மற்ற எல்லா நேரங்களும் பொய்யாகிவிடும்.

தாராவியின் ஒரே சந்தில் தமிழ், மராத்தி, இந்தி, உருது பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். தமிழில் மட்டும் எழுதி ஒட்டினால், விழாவைப் பற்றி ஏற்கெனவே அறிந்தவர்களே அதனைப் படிப்பர். அறியவேண்டியவர் படிக்க இயலாது. ஆகவே மராத்தியிலும் இந்தியிலும் எழுதி அருகருகே ஒட்டுதல் வேண்டும். மொழிபெயர்க்க ஆள் கிடைக்காவிடில், நாள், நேரம், வழி, தொலைபேசி எண் ஆகிய நான்கையேனும் அம்மொழிகளில் எழுதலாம். இடப்பெயர்களை அங்குள்ளோர் வழங்கும் பெயரிலேயே எழுதுவது நல்லது. தமிழர் "பிள்ளையார் கோயில் முக்கு" என்பதை மற்றவர் வேறு பெயரால் அறிந்திருக்கலாம்.

ஒட்டும் காலமும் கவனிக்கத்தக்கது. ஒரு மாதம் முன்னதாக ஒட்டினால் மழையில் நைந்துபோகும். முந்தின நாள் ஒட்டினால் பணிமுறையை மாற்றிக்கொள்ள எவருக்கும் வாய்ப்பிராது. பத்து நாள் முன்னதாக நெகிழித்தாள் உறையிட்டு ஒட்டி, இரண்டு நாள் முன்னதாக வீட்டுக்கு வீடு நேரில் சொல்லிவருவதே தெருக்களில் நன்கு பயன்படும் முறை. மழைக்காலத்தில் கடலேற்றத்தின் அளவையும் பார்ப்பர். கடலேற்றம் நான்கரை மீட்டரைத் தாண்டும் நாள்களை மும்பை மாநகராட்சி பருவந்தோறும் அறிவிக்கிறது. அத்தகைய நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் தாழ்வான சாலைகளில் நீர் வடியாது தேங்கும். ஆடி ஞாயிற்றின் மாலை அவ்வாறு அமையுமாயின் புறப்பாட்டை முற்பகலுக்கு மாற்றிக்கொள்ளும் சங்கங்கள் புதிய நேரத்திற்கும் காவல் நிலைய அனுமதியைத் திருத்திப் பெறவேண்டும். சுவரில் உள்ள பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டவேண்டும்.